ஈரோடு மஞ்சள் செய்திக்குறிப்பு தேடலில் தொலைந்ததும் மீண்டதும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறையை ஒட்டிய ஓர் ஊரில், மஞ்சள் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் புதிய நிலையம் ஒன்றைத் திறந்தது. உறுப்பினர்கள் கொண்டுவரும் பச்சை மஞ்சளை நீராவியில் வேகவைத்து, காய்ந்தபின் பாலிஷ் போட்டுத் தருவதே அதன் வேலை. திறப்பு விழாவைப் பற்றிய செய்திக்குறிப்பு உள்ளூர் நிருபர்களுக்கு அனுப்பப்பட்டது. நிறுவனத்தின் இணையதளத்திலும் ஏற்றப்பட்டது. மூன்று நாள் கழித்து அதன் தலைவர் கோவையிலிருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மஞ்சள் வேகவைக்கிற மிஷின் வந்திருக்குதுன்னு ஊரெல்லாம் தெரியுமுங்க. போன்ல தேடிப் பார்த்தா மட்டும் நம்ம செய்தி ஒண்ணுகூட வரமாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

செய்திக்குறிப்பு எழுதுவது என் தொழில். அந்தக் குறிப்பை நான் எழுதவில்லை என்றாலும், அதில் நடந்த பிழைகள் தமிழில் வெளியாகும் குறிப்புகள் பலவற்றில் நடப்பவை. ஆகவே அதை எப்படிப் பிரித்துப் பார்த்தேன், அடுத்த குறிப்பின் தலைப்பையும் சுருக்கத்தையும் எப்படி அமைத்தேன், அதில் நானே எங்கே தவறினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

எழுத்தாகவே இல்லாத எழுத்து

நிருபர்களுக்குப் போனவை இரண்டு கோப்புகள். ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். மற்றொன்று அதே பக்கத்தின் பி.டி.எஃப். படத்தில் உள்ள வாசகம் செய்தித் தேடலுக்கு ஒரு செய்தியாகப் போய்ச் சேராது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.எஃப்.பைத் திறந்தேன். கண்ணுக்கு நல்ல தமிழாகத்தான் இருந்தது. தலைப்பு இப்படி: "மாபெரும் சாதனை! ஈரோட்டில் மஞ்சள் விவசாயிகளின் வாழ்வில் ஒளியேற்றும் புதிய சகாப்தம்". அதில் "மாபெரும் சாதனை! ஈரோட்டில் மஞ்சள்" என்ற பகுதியை மட்டும் நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். வந்தது இது:

```
khngUk; rhjid! <Nuhl;by; kQ;rs;
```

டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. தேடுபொறி வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டை வாசிக்கிறது. அதன் கணக்கில் அந்தத் தலைப்பில் ஈரோடும் இல்லை, மஞ்சளும் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே, யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்று ஆணையிட்டிருந்தும், அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அச்சிடுவதற்கு அதனால் குறை ஒன்றுமில்லை. தேடலுக்கு அது வெறும் கிறுக்கல்.

நிறுவனத்தின் இணையதளத்தில் நடந்தது இன்னும் மோசம். பாமினியில் "ஈ" என்ற எழுத்தின் இடத்தில் இருப்பது `<` என்ற குறி. இணையப் பக்கத்தின் மூலநிரலில் இந்தக் குறியை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து வந்தால், அங்கே ஒரு குறிச்சொல் தொடங்குவதாக உலாவி எடுத்துக்கொண்டு, அடுத்த `>` வரும் வரை உள்ள அனைத்தையும் விழுங்கிவிடும். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் தலைப்பை அப்படியே மூலநிரலில் ஒட்டியதால், "ஈரோட்டில்" தொடங்கித் தலைப்பின் மீதி முழுவதும் மறைந்து, "மாபெரும் சாதனை!" என்பது மட்டும் பக்கத்தில் நின்றது. அவருடைய கணினியில் பாமினி நிறுவப்பட்டிருந்ததால் அந்த இரண்டு சொல்லும் தமிழாகவே தெரிந்தன. கைப்பேசியில் திறந்தவர்களுக்கு `khngUk; rhjid!` என்று வந்தது. வடிவமைப்பே அப்படித்தான் போலும் என்று அவர் விட்டுவிட்டார். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெளியான பக்கத்தைத் தன்னுடையதல்லாத ஒரு கைப்பேசியில் திறந்து, தலைப்பை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பார்த்தால் போதும்.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். குறிப்பாக "கௌ" என்பதற்குப் பதிலாக "கெ" என்ற எழுத்தும் அதன் பின்னே "ள" என்ற எழுத்தும் வந்து உட்கார்ந்திருக்கும். கோவையில் ஓடும் கௌசிகா நதியைப் பற்றிய செய்திகளில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடலுக்கு "கௌசிகா" ஒரு சொல், "கெளசிகா" வேறு சொல்.

தலைப்பில் நிற்க வேண்டிய பெயர்கள்

எழுத்துச் சிக்கல் தீர்ந்திருந்தாலும் அந்தத் தலைப்பு தேடலில் கிடைத்திருக்காது. சாதனை, ஒளியேற்றும், சகாப்தம் என்ற சொற்களை இட்டு யாரும் செய்தி தேடுவதில்லை. அவற்றையும் அவற்றோடு வரும் அலங்காரச் சொற்களையும் எடுத்துவிட்டால் மீதி நிற்பவை "ஈரோட்டில்", "மஞ்சள்", "விவசாயிகளின்" ஆகிய மூன்று. என்ன திறந்தார்கள் என்ற செய்தியே அதில் இல்லை.

"ஈரோட்டில்" என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தேடுகிறவர் பெட்டியில் "ஈரோடு" என்று எழுதுவார். நாம் வேற்றுமை உருபு சேர்த்து "ஈரோட்டில்" என்று எழுதும்போது ஈற்றில் உள்ள "டு" மறைந்து, "ட்டில்" என்று சொல்லே மாறிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பொதுவாக இருப்பது "ஈரோ" மட்டுமே. கோவை, உடுமலை போன்ற பெயர்களுக்கு உருபு ஒட்டினாலும் பெயர் சிதைவதில்லை. ஆனால் சேலம் "சேலத்தில்" ஆகிறது, பல்லடம் "பல்லடத்தில்" ஆகிறது, காங்கேயம் "காங்கேயத்தில்" ஆகிறது. பெரிய தேடுபொறிகள் இந்த உறவை ஓரளவு புரிந்துகொள்கின்றன என்றாலும், அந்தப் புரிதல் ஆங்கிலத்துக்கு இருக்கும் அளவுக்குத் தமிழுக்கு இருக்கிறது என்று நம்பித் தலைப்பு எழுத எனக்குத் துணிவில்லை. செய்தித் தளங்களுக்குள்ளேயே இருக்கும் சிறிய தேடல் பெட்டிகளோ பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து பார்ப்பவை.

இதற்கு வழி தமிழ் நாளிதழ்களிடமே இருக்கிறது. ஊர்ப் பெயரையோ பொருளின் பெயரையோ உருபில்லாமல் முதலில் நிறுத்தி, முக்காற்புள்ளி இட்டு, செய்தியைத் தொடர்வது. "ஈரோடு மஞ்சள்:" என்று தொடங்கினால் இரண்டு சொல்லும் எழுவாய் வடிவில் அப்படியே நிற்கும். "அருகே" என்ற சொல்லும் கைகொடுக்கும். "பெருந்துறை அருகே" என்னும்போது பெருந்துறைக்கு ஒன்றும் ஆவதில்லை. வல்லின ஒற்றுக்கும் இதே கவனம் தேவை. "விற்பனைக் கூடம்" என்பதில் "விற்பனைக்" தனிச்சொல்லாக நிற்கிறது. தேடலுக்காக ஒற்றை நீக்கிப் பிழையாக எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒற்று மிகாத சொல்லாகத் தேர்ந்தெடுப்பேன். கிடைக்காவிட்டால் ஒற்றோடுதான் எழுதுவேன்.

அடுத்த வேலை, மக்கள் எந்தச் சொல்லை இடுகிறார்கள் என்று பார்ப்பது. "ஈரோடு மஞ்சள்" என்று இட்டதும் தேடல் பெட்டி முதலில் நீட்டியது "விலை" என்ற சொல்லை. ஏல விலையைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். தலைப்பில் "விலை" என்ற சொல்லையும் சேர்த்தால் என்ன என்று தளத்தைக் கவனிக்கும் இளைஞர் கேட்டார். சேர்க்கக் கூடாது என்றேன். குறிப்பில் விலை பற்றி ஒரு வரியும் இல்லை. குவிண்டால் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க வந்த விவசாயி ஏமாந்து உடனே திரும்புவார். நிருபரோ அதன்பின் அந்த நிறுவனத்தின் குறிப்பைத் திறக்கவே யோசிப்பார். அத்துடன் செய்திப் பிரிவில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பொங்கல் வாரத்தில் "மஞ்சள்" என்று இட்டால் வருவதெல்லாம் மஞ்சள் கொத்து விற்பனைச் செய்திகள். எனவே கொத்திலிருந்தும் விலையிலிருந்தும் நம் செய்தியைப் பிரித்துக் காட்டும் சொல் ஒன்று தலைப்பின் முன்பகுதியிலேயே வர வேண்டும். "நீராவி" அப்படிப்பட்ட சொல் என்று முடிவு செய்தேன்.

தலைவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. "நம்ம கம்பெனி பேரு தலைப்புல மொதல்ல வரணுமுங்க, பங்குதாரருங்க கேப்பாங்க" என்றார். நியாயமான ஆசைதான். ஆனால் பதிவுப் பெயர் ஆறு சொல் நீளம்; அதை முன்னால் வைத்தால் "மஞ்சள்" ஏழாவது சொல்லாகிவிடும். தேடல் முடிவில் தலைப்பு எந்த இடத்தில் வெட்டுப்படும் என்பதை எழுத்தெண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, திரையில் அது அடைக்கும் அகலமே தீர்மானிக்கிறது; தமிழ் எழுத்துகள் அகலமானவை. அறுபது எழுத்து வரை வைக்கலாம் என்ற ஆங்கில வழக்கத்தைத் தமிழுக்கு எடுத்துக்கொள்வதும் தவறு. "நிறுவனம்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கருவிக்கு எட்டு. எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் ஐந்து சொல்லோடு தலைப்பு வெட்டுப்பட்டாலும் செய்தி புரிகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். பெயரைக் குறிப்பின் முதல் வாக்கியத்தில் முழுமையாகத் தருவதாகச் சொன்னபின் தலைவர் ஒப்புக்கொண்டார்.

பழைய செய்திக்குப் புதுத் தேதி போடாமை

திறப்பு விழாக் குறிப்பையே திருத்தி, அன்றைய தேதியிட்டு மறுபடி வெளியிடலாமே என்ற பேச்சும் எழுந்தது. அதை நான் செய்ய விடவில்லை. மாற்றம் எதுவுமில்லாமல் தேதியை மட்டும் புதுப்பித்துச் செய்தியைப் புதியதாகக் காட்ட வேண்டாம் என்று கூகுள் தன் வழிகாட்டலில் சொல்கிறது. தேடுபொறிக்குத் தரும் பக்கப் பட்டியலான, செய்திகளுக்கான தளவரைபடத்திலும் கடைசி இரண்டு நாளில் வெளியான பக்கங்களே இடம்பெற வேண்டும். திறப்பு விழா முடிந்த கதை. ஆனால் நிறுவனத்தில் உண்மையாகவே ஒரு புதிய முடிவு எடுத்திருந்தார்கள்: மாசி மாத அறுவடை மும்முரத்தில், உறுப்பினர் அல்லாத விவசாயிகளின் மஞ்சளையும் கட்டணத்துக்கு வேகவைத்துத் தருவது. அதுவே இரண்டாவது குறிப்புக்குப் பொருளாயிற்று. அதன் தலைப்பும் சுருக்கமும் பக்கத்தின் மூலநிரலில் இப்படி அமைந்தன:

```html
<html lang="ta">
<meta charset="utf-8">
<title>ஈரோடு மஞ்சள்: நீராவி வேகவைப்பு நிலையம் பிற விவசாயிகளுக்கும் திறப்பு</title>
<meta name="description" content="பெருந்துறை அருகே உள்ள மஞ்சள் வேகவைக்கும் இயந்திரம், பாலிஷ் வசதியை உறுப்பினர் அல்லாத விவசாயிகளும் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம்.">
```

பழைய தளத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் `<title>` ஒன்றே. நிறுவனத்தின் பெயரும் "முகப்பு" என்ற சொல்லும்தான் அதில் இருந்தன. இப்போது `<title>`, பக்கத்தின் மேல் தெரியும் `<h1>`, தேடுபொறி வாசிப்பதற்கென்றே நிரலில் வைக்கும் செய்திக்கான கட்டமைப்புத் தரவில் உள்ள `headline` ஆகிய மூன்றிலும் ஒரே தலைப்பை வைத்தோம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் எதை எடுத்துக் காட்டுவது என்பதைத் தேடுபொறியே முடிவு செய்யும். அது நாம் விரும்பியதாக இருக்க வேண்டியதில்லை. `datePublished` என்ற இடத்தில் நேரத்துடன் `+05:30` சேர்த்தோம். அது இல்லாவிட்டால், காலை ஏழு மணிக்கு வெளியிட்டது எந்த நாட்டு ஏழு மணி என்பது தெளிவாக இராது.

சுருக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். `description` பகுதியில் எழுதுவதுதான் தேடல் முடிவில் தலைப்பின் கீழே வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் தேடுபொறி அந்த வரிகளைப் பக்கத்தின் உள்ளேயிருந்து, தேடப்பட்ட சொல்லுக்கு ஏற்ப எடுக்கிறது; `description` அதைவிடப் பொருத்தமாக இருந்தால் மட்டுமே அதைக் காட்டுகிறது. ஆகவே குறிப்பின் முதல் பத்தி தனியாக நின்றே செய்தியைச் சொல்ல வேண்டும். பழைய குறிப்பின் முதல் பத்தியில் சிறப்பு விருந்தினரின் பதவிகளும், மேடையில் இருந்தவர்களின் பெயர்களும், குத்துவிளக்கும்தான் இருந்தன. மஞ்சள் நான்காவது பத்தியில் வந்தது. புதிய குறிப்பின் முதல் பத்தியை நிறுவனத்தின் முழுப் பெயரில் தொடங்கி, எந்த ஊர், எந்த நாள் முதல், யார் கொண்டுவரலாம், விரலி, கிழங்கு இரண்டுக்கும் உண்டா, கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றை இரண்டே வாக்கியத்தில் முடித்தோம். தலைப்பில் வந்த சொற்களையே திரும்பச் சொல்லாமல், ஒரே பொருளுக்கு மக்கள் புழங்கும் வேறு சொற்களை அங்கேயும் சுருக்கத்திலும் வைத்தோம். தலைப்பில் "வேகவைப்பு நிலையம்" என்றால் சுருக்கத்தில் "வேகவைக்கும் இயந்திரம்". கோவைச் செய்தியாக இருந்தால் தலைப்பில் "கோவை", சுருக்கத்தில் "கோயம்புத்தூர் மாவட்டம்" என்று வைத்திருப்பேன்.

பழைய குறிப்பில் "சிறந்த மஞ்சள் தூள் வாங்க" என்ற சொற்றொடர் ஐந்து இடத்தில் நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்துக்கு இணைப்பாக இருந்தது. தேடலில் உயர்வதற்காகச் சொற்களைப் பொறுக்கி, பிற தளங்களில் பரப்பும் செய்திக்குறிப்புகளில் இணைப்பாக வைப்பதை, கூகுள் 2013 முதல் விதிமீறலான இணைப்புகளுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வருகிறது. ஐந்தையும் நீக்கி, நிறுவனத்தின் பெயரில் ஒரே ஓர் இணைப்பை, அதைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் `rel="nofollow"` சேர்த்து வைத்தோம்.

வெளியான பிறகு

குறிப்பைக் காலை ஏழு மணிக்குத் தளத்தில் ஏற்றிவிட்டு, அதே தலைப்பை மின்னஞ்சலின் பொருள் வரியாகவும், முதல் பத்தியை மின்னஞ்சலின் உடலில் ஒருங்குறி எழுத்தாகவும் வைத்து நிருபர்களுக்கு அனுப்பினோம். பி.டி.எஃப். இணைக்கவில்லை. புகைப்படத்தைத் தனிக்கோப்பாக அனுப்பினோம். அதில் எழுத்து எதுவும் இல்லை. ஈரோட்டு நிருபர் ஒருவர் மதியம் பேசினார். "தட்டச்சு பண்ற வேலையே இல்லைங்க, அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்" என்றார். பாமினிக் குறிப்பு வந்தபோது அதைத் திரும்பத் தட்டச்சு செய்ய நேரமில்லாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். திறப்பு விழாச் செய்தி வெளியாகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலை செய்திப் பிரிவில் "ஈரோடு மஞ்சள் நீராவி" என்று தேடியபோது இரண்டு செய்தித் தளங்களின் பக்கங்கள் வந்தன. இரண்டிலும் "ஈரோடு மஞ்சள்" என்ற தொடக்கம் அப்படியே இருந்தது. ஒன்று முக்காற்புள்ளிக்குப் பின் உள்ளதை மாற்றியிருந்தது. நிறுவனத்தின் சொந்தப் பக்கம் செய்திப் பிரிவில் வரவில்லை. பொதுத் தேடலில் மட்டும் வந்தது. இது தோல்வியன்று. கூகுள் செய்திகளில் இடம்பெறத் தளத்தின் பெயரில் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்ற முறை 2019-இல் நீங்கிவிட்டது என்றாலும், தன் பொருளைத் தானே விற்கும் தளம் ஒன்று செய்தி நிறுவனங்களுக்குச் சமமாக அங்கே நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரே குறிப்பு பல தளங்களில் வரும்போது தேடுபொறி அவற்றை ஒரு கொத்தாகச் சேர்த்து, அதில் ஒன்றிரண்டை மேலே நிறுத்துகிறது. அந்த இடம் பெரும்பாலும் நாளிதழுக்கே போகும். நம் தலைப்பின் உண்மையான வேலை, அந்த நாளிதழின் தலைப்புக்குள் நம் சொற்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கான தேடல் சொற்களைப் பார்த்தேன். தேடல் வகையைப் பொதுத் தேடல், செய்திப் பிரிவு என்று தனித்தனியே மாற்றிப் பார்க்க அதில் வசதி உண்டு. பொதுத் தேடலில் சொடுக்கிவந்தவர்களைக் கொண்டுவந்த சொற்களில் முதலில் நின்றது "மஞ்சள் வேகவைக்கும் இயந்திரம்". அதற்கு அடுத்து "மஞ்சள் வேக வைக்கும் மிஷின்". நான் தலைப்பில் வைத்த "நீராவி வேகவைப்பு நிலையம்" என்ற தொடரைத் தேடி யாரும் வரவில்லை. "வேகவைப்பு" என்ற பெயர்ச்சொல் என் மேசையில் பிறந்தது. காட்டில் அதை யாரும் சொல்வதில்லை. தலைவர் முதல் அழைப்பிலேயே "மஞ்சள் வேகவைக்கிற மிஷின்" என்று சொல்லியிருந்தார். அதை நான் காதில் வாங்கியும் கையில் எடுக்கவில்லை. சுருக்கத்தில் வேறு சொல் வேண்டுமே என்று போட்ட "வேகவைக்கும் இயந்திரம்" என்பதுதான் பக்கத்தைக் காப்பாற்றியது.

வேகவைத்த மஞ்சள் காய்ந்து, பாலிஷ் ஆகி, ஏலத்துக்குப் போகும்போது மூன்றாவது குறிப்பு வரும். அதன் தலைப்பை இப்போதே எழுதித் தலைவருக்கு அனுப்பியிருக்கிறேன்: "ஈரோடு மஞ்சள்: வேகவைக்கும் இயந்திரம் மூலம் தயாரான முதல் சரக்கு பெருந்துறை ஏலம் வருகை". "பெருந்துறை ஏலத்துக்கு" என்று இருந்தால் படிக்க இன்னும் நன்றாக இருக்கும் என்று அவர் திருத்தி அனுப்பினார். அவர் சொல்வது சரி. "பெருந்துறை" என்ற பெயர் அதில் முழுதாகவே நிற்கிறது. அப்படியே வைத்துக்கொண்டேன்.